அட்வான்ஸ் திரும்பி வரும் வழி

வாடகை ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்ததும் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது வாடகைத் தொகைக்கும் தேதிக்கும் பெயருக்கும்தான். அந்த மூன்றையும் ஏற்கெனவே வாயால் பேசி முடித்திருப்பீர்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பேசாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. வீட்டைக் காலி செய்யும் நாளில் என்ன நடக்கும் என்பது அது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் முன்பே காலி செய்வதைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் ஒப்பந்தத்தில் பாதிக்கு மேல் எழுதியிருப்பது அந்த நாளைப் பற்றித்தான். அதனால் முதல் முறை படிப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நீங்கள் கொடுக்கப்போகும் அட்வான்ஸைப் பென்சிலால் மேலே எழுதிக்கொள்ளுங்கள். அதில் கை வைக்கும் ஒவ்வொரு ஷரத்தையும் தேடிப் பிடியுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

போன மாதம் எங்கள் தெருவுக்குக் குடிவர இருந்த ஒரு பெண், கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை ஹாஸ்டலில்தான் இருந்தாள். “அங்கிள், நாலு பக்கம் இருக்கு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, எதைப் பாக்கணும்னே தெரியல” என்றாள். டீ போட்டுக் கொடுத்து, இருவரும் மேஜையில் விரித்து வைத்துப் படித்தோம். வாடகை 14,000 ரூபாய். அட்வான்ஸ் 1,00,000. காலம் ஜூலை 1 முதல் பதினோரு மாதம். சென்னையில் இன்று நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு எழுதப்படும் சாதாரண ஒப்பந்தம்தான். அதையே இங்கே எடுத்துக்கொள்வோம்.

அட்வான்ஸ் ஷரத்து மூன்றாவதாக இருந்தது. “மேற்படி முன்பணத்தை, வாடகைதாரர் வீட்டைக் காலி செய்து சுவாதீனம் ஒப்படைத்த பின், பாக்கிகள் மற்றும் சேதாரங்கள் போக மீதியை வட்டியில்லாமல் வீட்டு உரிமையாளர் திருப்பிக் கொடுக்க வேண்டியது.” படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு விடுபட்டிருக்கின்றன. “ஒப்படைத்த பின்” என்றால் எத்தனை நாளில்? “சேதாரம்” எவ்வளவு என்று முடிவு செய்வது யார்?

முதல் கேள்விக்குச் சட்டத்தில் பதில் உண்டு. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் நிறைவேறிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்றும் சொல்கிறது. இதைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்தது. மூன்று மாதம் என்றால் 42,000 தானே, ஏன் ஒரு லட்சம் கேட்கிறார்கள் என்றாள். அந்த வரிக்கு முன்னால் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய. ஒரு லட்சம் என்று எழுதியிருக்கும் தாளில் நீங்கள் போடும் கையெழுத்துதான் அந்த ஒப்புதல். ஆகவே சட்டத்தைக் காட்டிப் பேரம் பேசலாம். கையெழுத்துப் போட்ட பிறகு அதைக் காட்டி மிச்சத்தைக் கேட்பது கடினம்.

அட்வான்ஸ் ஏன் தாமதமாகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பணம் வாங்கிய மாதமே செலவாகிவிடும். மாடி கட்டிய கடனுக்குப் போயிருக்கும், அல்லது முன்பு குடியிருந்தவருக்குத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். உங்கள் அட்வான்ஸ் திரும்பி வருவது, அடுத்து வருபவர் கொடுக்கும் அட்வான்ஸில் இருந்துதான். அடுத்தவர் வரும்வரை “இந்த வாரம், அடுத்த வாரம்” என்று இழுபடுவதற்குக் காரணம் பல நேரம் இதுவே. கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. அதனால் அந்த மூன்றாவது ஷரத்தில் இரண்டு சொற்றொடர்களைச் சேர்க்கச் சொன்னேன்: “ஒப்படைத்த முப்பது நாட்களுக்குள்” என்பது ஒன்று. “வேறு வாடகைதாரர் வந்தாலும் வராவிட்டாலும்” என்பது மற்றொன்று. முதலாவது சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது, ஆனாலும் தாளில் இருந்தால் உரிமையாளரும் அதைப் படித்திருப்பார். இரண்டாவதுதான் நடைமுறையில் உதவுவது.

பணம் கொடுக்கும் விதமும் இந்த ஷரத்தோடு சேர்ந்ததே. ஒரு லட்சத்தையும் வங்கி வழியாக அனுப்பி, பரிமாற்ற எண்ணையும் தேதியையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். “ஐம்பதை அக்கவுண்ட்ல போடுங்க, ஐம்பதைக் கையில குடுங்க, பத்திரத்துல ஐம்பதுன்னு எழுதிக்கலாம்” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எழுதப்படாத ஐம்பதாயிரத்துக்குப் பிறகு எந்தச் சாட்சியும் இருக்காது.

அடுத்து நாங்கள் தேடியது வெள்ளை அடிக்கும் ஷரத்தை. சென்னை வாடகை வீடுகளில் அதிகச் சண்டை வருவது இந்த ஒரு வரியில்தான். அவளுடைய தாளில் பன்னிரண்டாவதாக இருந்தது: “காலி செய்யும்போது பெயிண்டிங் செலவுக்காக ஒரு மாத வாடகை முன்பணத்தில் பிடித்தம் செய்யப்படும்.” பதினோரு மாதம் இருந்தாலும் 14,000, ஐந்து வருடம் இருந்தாலும் அந்த நேரத்து வாடகையில் ஒரு மாதம். சுவரில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் அதே பிடித்தம்தான். உண்மையில் பெயிண்ட் அடித்தார்களா என்று பார்க்கவும் வழியில்லை.

சட்டத்தின் பின்னிணைப்பில், யார் எந்த வேலையைப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, குழாய்ப் பாதைகளை மாற்றுவது, மின் வயரிங் பார்ப்பது, கட்டடத்தின் உடம்பில் வரும் விரிசல் போன்றவற்றைச் சரிசெய்வது ஆகியவை உரிமையாளர் பக்கம். குழாயின் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், கீசர் ரிப்பேர், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பக்கம். ஆனால் இங்கும் ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்ள இடம் இருக்கிறது. “ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்கு” என்ற வரியை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால், உரிமையாளருடைய செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

இந்த வரியை முழுவதும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் நடக்காது. வருடா வருடம் ஆள் மாறும் வீட்டில் பெயிண்ட் செலவு உரிமையாளருக்குப் பாரம்தான். அவருடைய பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆகவே வரியை எடுப்பதைவிட அதற்கு எல்லை போடுவது நடக்கக்கூடிய காரியம். “உண்மையில் ஆன பெயிண்டிங் செலவு, பில் காட்டி, அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை” என்று மாற்றி எழுதினோம். சேதார ஷரத்தில் “சாதாரணமாகப் புழங்குவதால் வரும் தேய்மானம் நீங்கலாக” என்று சேர்த்தோம். வெயில் பட்டு நிறம் மங்கிய சுவர், கைபட்டுக் கறுத்த சுவிட்ச் போர்டு ஓரம், காலண்டர் மாட்டிய ஆணியின் துளை எல்லாம் தேய்மானம். உடைந்த வாஷ்பேசின், பிடி பிய்ந்துபோன அலமாரிக் கதவு, குழந்தை கிரேயானால் வரைந்த முழுச் சுவர் எல்லாம் சேதாரம். ஆணித்துளை எந்தப் பக்கம் சேரும் என்பதில் சில உரிமையாளர்கள் கறாராக இருப்பார்கள். அப்படியானால் ஆணி அடிக்கலாமா என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

எந்தச் சேதாரம் உங்களால் வந்தது என்பதை நிரூபிக்க, நீங்கள் நுழைந்த நாளில் வீடு எப்படி இருந்தது என்பது தெரிய வேண்டும். சாமான் இறக்குவதற்கு முன், காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். பாத்ரூம் டைல்ஸ், சிங்க் அடிப்பாகம், ஜன்னல் கொக்கிகள், ஓதம் பிடித்த மூலைகள், கரண்ட் மீட்டரில் ஓடும் எண் எல்லாம் அதில் வரட்டும். அன்றே அதை உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய தேதி அதிலேயே நிற்கும். ஃபேன் எத்தனை, டியூப்லைட் எத்தனை, கீசர் உண்டா, சாவி எத்தனை ஜோடி என்ற சிறு பட்டியல் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவளுடைய ஒப்பந்தத்தில் “ஃபிட்டிங்ஸ் உட்பட” என்ற இரண்டே சொற்கள்தான் இருந்தன. நான்கு ஃபேன், ஆறு லைட், ஒரு கீசர், இரண்டு ஜோடிச் சாவி என்று கையால் எழுதிச் சேர்த்தோம்.

இனி அந்த ஒப்பந்தத்திலேயே ஆபத்தான இடம். ஏழாவது ஷரத்து: “பதினோரு மாதம் முடியும் முன் வாடகைதாரர் காலி செய்தால், மீதி மாதங்களுக்கான வாடகையை முன்பணத்தில் பிடித்தம் செய்துகொள்ள உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு.” இதைத்தான் லாக்-இன் என்கிறார்கள். ஒன்பதாவது ஷரத்து: “காலி செய்ய விரும்பினால் வாடகைதாரர் இரண்டு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும், தவறினால் இரண்டு மாத வாடகை பிடித்தம் செய்யப்படும்.” தனித்தனியாகப் படித்தால் இரண்டும் வழக்கமான வரிகள். சேர்த்துப் படித்தால் என்ன ஆகும் என்று அவளையே கணக்குப் போடச் சொன்னேன்.

ஆபீஸில் திடீரென்று கோயம்புத்தூருக்கு மாற்றுகிறார்கள், ஜனவரி 31-இல் காலி செய்ய வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை முதல் ஜனவரி வரை ஏழு மாதம் முடிந்திருக்கும். மீதி நான்கு மாதம். ஏழாவது ஷரத்துப்படி 56,000 பிடித்தம். பெயிண்டிங்குக்கு 14,000. சேர்த்து 70,000. ஒரு லட்சத்தில் கைக்கு வருவது 30,000. தகவல் தெரிந்ததே இரண்டு வாரம் முன்பு என்பதால் இரண்டு மாத நோட்டீஸும் கொடுக்க முடிந்திருக்காது. ஒன்பதாவது ஷரத்தையும் சேர்த்தால் இன்னொரு 28,000 போகும். மிஞ்சுவது இரண்டாயிரம் ரூபாய். லாக்-இன் பிடித்தம் செய்தால் நோட்டீஸ் பிடித்தம் கிடையாது என்று அந்தத் தாளில் எங்கும் எழுதவில்லை.

இப்படி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வது நீதிமன்றத்தில் நிற்குமா என்று கேட்டால், நிற்பது கடினம். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும், அந்த அளவுக்குள் நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. பிப்ரவரி 10-ஆம் தேதியே வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டால் நான்கு மாத வாடகை நஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் பணம் அவர் கையில் இருக்கிறது. கோயம்புத்தூரில் இருந்து விடுமுறை போட்டு வந்து அலைய வேண்டியது நீங்கள். அதனால்தான் கையெழுத்துக்கு முன்பே இதைச் சரிசெய்ய வேண்டும் என்று அவளை வற்புறுத்தினேன்.

மாற்றி எழுதியது இப்படி. லாக்-இன் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்குள் போனால், ஆறு மாதத்தில் மீதமுள்ள காலத்துக்கு மட்டும் வாடகை. அதற்குப் பிறகு யார் சொன்னாலும் ஒரு மாத நோட்டீஸ். லாக்-இன் பிடித்தம் வரும் இடத்தில் நோட்டீஸ் பிடித்தம் கிடையாது. நோட்டீஸ் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிய நாளில் இருந்து கணக்கு. இந்தக் கடைசி வரி சிறியதாகத் தெரியும். டிசம்பர் 10-ஆம் தேதி சொன்னால் ஜனவரி 10 வரை வாடகையா, ஜனவரி முழுவதற்குமா என்ற தகராறு வருவதே இந்த வரி இல்லாததால்தான். அவளும் அதே ஜனவரி 31 கணக்கை மறுபடி போட்டாள். டிசம்பர் கடைசியில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்திருந்தால், பெயிண்டிங்குக்கு அதிகபட்சம் 10,000, கரண்ட் பில் பாக்கி 1,200 என்று வைத்தாலும் திரும்புவது 88,800. இரண்டு வாரம் முன்புதான் தகவல் தெரிந்தது என்றாலும், கூடப் போவது இரண்டு வார வாடகை அளவுதான்.

நோட்டீஸ் ஷரத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வாடகைதாரருக்கு இரண்டு மாதம் என்று எழுதியவர்கள், உரிமையாளர் எப்போது காலி செய்யச் சொல்லலாம் என்பதை விட்டிருந்தார்கள். ஒப்பந்தக் காலத்துக்குள் காலி செய்ய வைக்க, வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுதல் போன்ற காரணங்கள் சட்டத்தில் இருக்கின்றன. அந்தக் காரணங்களோடு வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி வெளியேற்றுவதைச் சட்டம் தடுக்கிறது. இருந்தாலும் நோட்டீஸ் இருபக்கமும் ஒரே காலம் என்று எழுதிவிட்டால், திடீரென்று “பையனுக்குக் கல்யாணம், அடுத்த வாரம் வீடு வேணும்” என்று சொல்ல முடியாது.

மற்ற ஷரத்துகளை வேகமாகவே பார்த்தோம். பதினோரு மாதம் முடிந்தால் வாடகை எவ்வளவு ஏறும் என்பது சதவீதத்தில் இருக்க வேண்டும். “இருவரும் பேசிக்கொண்டபடி” என்றிருந்தால் அது எதையும் சொல்லவில்லை. மின்சாரம் தனி இணைப்பா, சப்-மீட்டரா என்பதைக் கேளுங்கள். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று எண்ணில் எழுத வேண்டும். மாதக் கணக்கில் பார்த்தால் வாடகை உயர்வைவிட அதிகமாகவே இதில் பணம் போகலாம். “உரிமையாளர் எந்நேரமும் வந்து பார்வையிடலாம்” என்ற வரியை “ஒரு நாள் முன்னதாகத் தெரிவித்து” என்று மாற்றுங்கள். சட்டமும் இருபத்துநான்கு மணி நேர முன்னறிவிப்பைக் கேட்கிறது. உள்வாடகைத் தடையில் மட்டும், வந்து தங்கும் தம்பியோ அம்மாவோ அதில் சேரமாட்டார்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

ஏன் பன்னிரண்டு மாதம் என்று எழுதாமல் பதினொன்று என்கிறார்கள் என்று அவள் கேட்டாள். ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகையை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கப் பதினொன்றில் நிறுத்தும் பழக்கம் வந்தது. ஆனால் புதிய வாடகைச் சட்டம் கேட்பது வேறொரு பதிவு. பதினோரு மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கான இணையதளம் tenancy.tn.gov.in. பதிந்தால் ஓர் எண் கிடைக்கும். பலர் இதைச் செய்வதில்லை, உரிமையாளர்களும் வலியுறுத்துவதில்லை. ஆனால் அட்வான்ஸ் விஷயமாக நாளை வாடகை நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், முதலில் கேட்கப்படுவது இந்த எண்தான். பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டுவதிலும் சிக்கல் வரும்.

இத்தனை திருத்தங்களைக் கேட்டால் வீட்டம்மா கோபித்துக்கொள்வார்களோ என்றுதான் அந்தப் பெண்ணுக்குப் பயம். இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? டைப் அடிக்கும் கடையின் கம்ப்யூட்டரில் முன்பு யாருக்கோ எழுதிய பத்திரம் ஒன்று இருக்கும். பெயரும் முகவரியும் தொகையும் மாறும், ஷரத்துகள் அப்படியே நிற்கும். பல உரிமையாளர்கள் ஏழாவது ஷரத்தை ஒருமுறைகூடப் படித்திருக்க மாட்டார்கள். இவள் போய்க் கேட்டபோதும் அப்படித்தான் ஆயிற்று. அந்த அம்மா பெயிண்டிங் வரம்பையும் முப்பது நாளையும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு மாத நோட்டீஸ் போதாது, அதற்குள் ஆள் பிடிக்க முடியாது என்றார்கள். ஒன்றரை மாதத்தில் இருவரும் நின்றார்கள். லாக்-இன் ஆறு மாதமாகவே ஆனது. மறுபடி டைப் செய்ய நேரமில்லை என்றால், பழைய வரியை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் புது வரியைப் பேனாவால் எழுதி, அந்த இடத்திலேயே இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருவர் கையெழுத்தும் வேண்டும். கையெழுத்தான அசல் பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் அதற்கு ஈடாகாது.

காலி செய்யும் நாளுக்கு என்று அவளுக்கு நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். சாமான் ஏற்றிய பின் காலி வீட்டை மறுபடி வீடியோ எடு. மீட்டர் எண்ணைப் படம் எடு. “இந்தத் தேதியில் இரண்டு ஜோடிச் சாவியும் ஒப்படைக்கப்பட்டன, கரண்ட் பாக்கி இவ்வளவு, அட்வான்ஸில் திருப்ப வேண்டியது இவ்வளவு” என்று எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கு. கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் அதே வாசகத்தை, படங்களோடும் உன் வங்கிக் கணக்கு எண்ணோடும், அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பு. முப்பது நாள் போகட்டும். பணம் வராவிட்டால் ஒப்பந்தப் பிரதி, பதிவு எண், அட்வான்ஸ் அனுப்பிய வங்கிப் பதிவு, இந்தச் செய்தி ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு வாடகை நீதிமன்றத்தில் மனுக் கொடு.